கல்லுக்குள் புகுந்த மழை

ரிவர்ஸ்டனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காற்றுக்காகப் போகிறார்கள். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புர போகும் வீதியில் முப்பது கிலோமீட்டர் அளவில் ஏறினால் கணவாய் வருகிறது. அங்கே குடையை விரித்தவர் யாரும் அதை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. நான் போனது வேறொரு வேலைக்கு. வீதியை அகலமாக்க மலையை வெட்டிவிட்ட இடங்களில் நிற்கிற மண்சுவரைப் பார்க்கவேண்டியிருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் அது பாறைதான். நக்கிள்ஸ் மலைப் பாறைகளுக்கே உரிய வரிகள், வெள்ளையும் கருப்புமாய், புடவைக் கரை போல அப்படியே தெரிகின்றன. கிட்டே போய் விரலால் அழுத்தினால் அழுந்துகிறது. ஒரு வெள்ளை வரியை நகத்தால் சுரண்டினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், வழுவழு என்று களிம்பாகிவிட்டது. பக்கத்து வரியில் இருந்த கண்ணாடித் துணுக்கு போன்ற குவார்ட்ஸ் மணிகள் மட்டும் நறநறத்தன. உருவத்தில் பாறை, உள்ளே மண். சாகாமலே அழுகிய பாறை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்த வெள்ளை வரி ஒரு காலத்தில் ஃபெல்ட்ஸ்பார். பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் நான்கும் இறுகக் கட்டிய கனிமம் அது. இங்கே பெய்யும் மழை காற்றிலிருந்தும் இலைச் சருகிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. அது முதலில் பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது, பிறகு சிலிக்காவில் ஒரு பங்கை. காலியான கட்டிடத்தில் தண்ணீர் குடியேறுகிறது. குடியேறும்போது அது தண்ணீராக இல்லை. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் என்ற துண்டாக, கனிமத்தின் உடம்போடு கட்டுண்டு நிற்கிறது. புதிதாகப் பிறந்த இந்தக் கனிமத்துக்கு கயோலினைட் என்று பெயர். அதன் எடையில் கிட்டத்தட்ட 14 சதவீதம் இப்படி ஒளிந்திருக்கும் தண்ணீர். கையில் எடுத்தால் ஈரம் தெரியாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது.

ஒரு சட்டி செய்வது என்றால், இந்த மழையைத் திரும்ப வெளியே அனுப்புவது. அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலைகள் எல்லாம் அந்த ஒரு வேலையைச் சட்டி உடையாமல் முடிப்பதற்காகத்தான். இந்த எண்ணத்தோடு மலையிறங்கி, ஒரு சூளை வரைக்கும் போன கதை இது.

இறங்குவதற்கு முன் ஒரு சின்னக் கிளைக்கதை. மழை எட்டாத ஃபெல்ட்ஸ்பாரும் இந்த மாவட்டத்தில் உண்டு. ரத்தோட்டைப் பக்கம் கைக்காவலவில் அதை வெட்டி எடுக்கிறார்கள். இலங்கையின் பீங்கான் தொழிலுக்கு அது முக்கியமான மூலப்பொருள். மாத்தளையிலேயே ஜப்பானிய நொரிடாக்கே பெயரில் பீங்கான் செய்கிறார்கள். ஒரே கனிமம், மழை பட்டால் சட்டியாகிறது, படாவிட்டால் விருந்தாளி வரும்போது மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வருகிற கோப்பையாகிறது. பிறகு இந்தக் கோப்பைக்குத் திரும்பி வருவோம்.

மலையில் பிறந்த களி மலையிலேயே இருந்தால் குயவருக்கு அவ்வளவு உதவாது. அது வெள்ளையாக இருக்கும், துகள் பெரிதாக இருக்கும், பிசைந்தால் உடைந்துபோகும். ஆறு அதை அடித்துக்கொண்டு போகவேண்டும். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தண்ணீர் ஓடைகளாக இறங்கி அம்பன் கங்கைக்கும் அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. போகிற வழியில் கனமான மணல் முதலில் படிகிறது, நொய்ந்த களி வேகம் குறைந்த இடத்தில், வயலிலும் வெள்ளச் சமவெளியிலும் கடைசியாகப் படிகிறது. படிகிற இடத்தில் இரும்பும் மக்கிய செடிகொடியும் அதோடு சேர்கின்றன. வெள்ளை போய்விடும், ஆனால் துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறுத்து, தட்டைத் தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக் கற்றுக்கொள்ளும். இந்த வழுக்கலைத்தான் குயவர் 'பசை' என்கிறார்.

நான் பார்த்த பட்டறை மகாவலிக் கரையில் இல்லை. கொழும்பு–கண்டி வீதியில் கேகாலைக்குப் பக்கத்திலுள்ள மொலகொடவில் இருந்தது. வீதியோரம் மண்பாண்டக் கடைகளாகவே இருப்பதால் பஸ்ஸில் போகிற யாருக்கும் இந்த ஊர் தெரியும். அங்கே வரும் களி ரிவர்ஸ்டனில் பிறந்ததல்ல, வேறு மலைகளின் பிள்ளை. பிறந்த விதம் மட்டும் ஒன்றுதான்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரை 'அய்யா' என்றேன். நம் ஊர் ஐயா இல்லை, சிங்களத்தில் அது அண்ணன். அவர் என்னை 'மல்லி' என்று கூப்பிட்டுத் தம்பியாக்கிக்கொண்டார்.

முற்றத்தில் களி குவிந்து கிடந்தது. முன்பு வயலில் தாங்களே வெட்டினார்களாம். இப்போது களி வெட்ட புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதனால் லொறியில் விலைக்கு வருகிறது. வந்த களியை உடனே தொடுவதில்லை. தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடி, சில வாரங்கள் கிடக்கவிடுகிறார்கள். தண்ணீர் தகடுகளின் இடுக்கெல்லாம் போய்ச்சேர அவ்வளவு நேரம் எடுக்கிறது. கிடந்த களியில் ஒரு சேற்று நாற்றம் வரும். அது வந்தால் பதமாகிவிட்டது என்றார் அய்யா.

சோதனைக்கு அவர் ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையில் சுண்டுவிரல் தடிப்புக்கு உருட்டி, மோதிரம் மாதிரி வளைத்துக் காட்டினார். வளைவின் வெளிப்புறத்தில் வெடிப்பு விழவில்லை. வெடித்தால் மணல் கூட. வெடிக்காமல் கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் மணல் போதாது. இந்தக் களிக்குக் கொஞ்சம் ஆற்றுமணல் சேர்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. களியைக் கெடுப்பதற்கு ஏன் மணல் என்று தோன்றும். மணல் தண்ணீர் குடிக்காது, சுருங்காது. களி காயும்போது சுருங்குவதற்கு எதிராக அது உள்ளே எலும்பு மாதிரி நிற்கிறது, சூட்டில் ஆவி வெளியேற வழியும் விடுகிறது. பிறகு அடுப்பில் சட்டியில் ஒரு மயிரிழை வெடிப்பு தொடங்கினால், அது ஒரு மணலில் போய் முட்டி நின்றுவிடுகிறது.

முன்பு காலால் மிதித்துப் பிசைந்தார்கள். இப்போது இறைச்சி அரைக்கும் மெஷின் போன்ற ஒன்று, மோட்டாரில், களியைத் தடித்த உருளையாகத் தள்ளுகிறது. கல் பொறுக்குவதை மெஷின் செய்யாது. இரண்டு பெண்கள் கம்பியால் உருளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, கம்பி எங்கே 'கிரக்' என்று தட்டுகிறதோ அங்கே நிறுத்திக் கல்லை எடுத்தார்கள். இந்தக் 'கிரக்' எவ்வளவு முக்கியம் என்பதை என் வீட்டில் கற்றுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாத்தளையில் ஒரு கறிச்சட்டி வாங்கினேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். தட்டினால் கணீர் என்றது, நிறமும் நல்ல செங்காவி. பத்து நாள் கழித்து அடுப்பங்கரையில் 'டிக்' என்று ஒரு சத்தம். சட்டியின் வயிற்றில் கால் ரூபாய்க் காசளவு ஒரு சில்லு பெயர்ந்து கிடந்தது. பெயர்ந்த குழியின் அடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அடுத்த வாரம் இன்னொன்று. அம்மாயி அதைப் பார்த்துவிட்டு, கண்ணூறு என்று மிளகாய் சுற்றினாள்.

அந்த வெள்ளைப் பொட்டு சுண்ணாம்பு. மாத்தளைப் பக்கம் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் டொலமைட்டும் நிறைய உண்டு, சுண்ணாம்புச் சூளைகளும் அதனால்தான். சட்டிக் களியில் அப்படி ஒரு மணி தப்பிப் புகுந்துவிட்டால், மண் சூளையும் அதற்குச் சுண்ணாம்புச் சூளையாகிவிடுகிறது. 700, 800 டிகிரியில் கல் கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. சூளையிலிருந்து வெளியே வந்தபின் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து நீர்த்த சுண்ணாம்பாகும்போது, அதன் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுகிறவர்களுக்கு அந்த ஊதல் தெரியும். கெட்டிச் சுவருக்குள் அடைபட்டுக்கிடக்கும் மணிக்கு ஊத இடமில்லை, அதனால் சுவரைப் பெயர்த்து எறிகிறது. கடையில் தட்டிப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் அப்போது வெடிப்பே இல்லை.

இதை அய்யாவிடம் சொன்னேன். சிரித்தார். சந்தேகமான களி வந்தால் ஒரு பிடி எடுத்துச் சுட்டு, ஒரு வாரம் கூரையடியில் ஈரக்காற்றில் வைத்துவிட்டுத்தான் லொறிக்காரருக்குக் காசு கொடுப்பாராம். எலுமிச்சை பிழிந்து நுரை வருகிறதா என்று பார்க்கிற பழக்கமும் உண்டு. சாதாரணச் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், டொலமைட் அவ்வளவாக நுரைக்காது, அதனால் அந்தச் சோதனையை முழுதாக நம்பக்கூடாது. மணியை நன்றாகப் பொடியாக்கிவிட்டால் அது தனியாகச் சுவரை உடைக்கும் பலம் இழந்துவிடும். கம்பிக்குத் தப்பியது சல்லடையில் சிக்கவேண்டும், அவ்வளவுதான்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான், வேலையில் சின்னப் பகுதியும் அதுதான். ஒன்றரைக் கிலோ களியை மோட்டார்ச் சக்கரத்தில் வைத்து, இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வாயும் கழுத்தும் எழுப்பிவிட்டார். ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்தால் யாரும் சட்டி என்று சொல்லமாட்டார்கள். வாய் அழகாக இருந்தது, அடிப்பக்கம் விரல் தடிமனில் ஒரு குழாய். நூலால் அறுத்து எடுத்தபோது அடியே இல்லை.

சட்டி பிறந்தது மறுநாள் காலையில்தான். இரவு முழுக்கக் காற்றாடிய களி, அழுத்தினால் விரல் பதியாமல், வளைத்தால் உடையாமல் இருக்கிற ஒரு பதத்துக்கு வந்திருந்தது. அய்யா சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளே இடது கையில் உருண்டையான ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே வலது கையால் ஒரு மரத்தட்டால் தட்டத் தொடங்கினார். கல்லும் தட்டும் களிக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சந்திக்கவேண்டும். தட், தட், தட், ஒவ்வொரு தட்டுக்கும் மடியில் சட்டி ஒரு விரற்கடை சுழன்றது. தடித்த குழாயின் சுவர் மெலிந்து மெலிந்து கீழ்ப்பக்கம் குவிந்து, ஓட்டை சுருங்கி, ஒரு கட்டத்தில் மூடிக்கொண்டது. உள்ளே கல் போகும் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் சுவரின் தடிமனை அறிகிறார். தடித்த இடம் மொத்தெனும், மெலிந்த இடம் கொஞ்சம் கீச்சிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன், பத்தில் மூன்று தடவை சரியாகச் சொன்னேன்.

இவ்வளவு பாடுபட்டு அடியை உருண்டையாக்குவானேன்? தட்டையான அடிக்கும் நிமிர்ந்த சுவருக்கும் நடுவே ஒரு மூலை இருக்கும். அடுப்பில் வைத்ததும் அடி சூடாகி விரிகிறது, சுவர் இன்னும் விரியவில்லை, இழுபறி முழுக்க அந்த மூலையில் கூடுகிறது. உருண்டையில் கூடுவதற்கு மூலை இல்லை. சுவரும் எங்கும் ஒரே மெல்லிசாக இருப்பதால் வெளிச்சூடு உள்ளே சீக்கிரம் எட்டி இழுபறியே குறைகிறது. மூன்று கல் அடுப்பில் அது ஆடாமல் உட்காருவது கூடுதல் லாபம். காஸ் அடுப்பு வந்தபிறகு தட்டை அடிக்குக் கிராக்கி ஏறிவிட்டது என்று அய்யா குறைப்பட்டார். விற்கிறார், விருப்பமில்லாமல்.

இப்போது தண்ணீர்க் கணக்கை எடுக்கலாம். ஒன்றரைக் கிலோ களியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, சுமார் 330 கிராம், பிசைவதற்குச் சேர்த்த தண்ணீர். அதை இரண்டாகப் பார்க்கவேண்டும். ஒரு பகுதி தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று அவற்றைத் தள்ளிவைத்திருக்கிறது. இது போகப்போகத் தகடுகள் நெருங்குகின்றன, சட்டி சுருங்குகிறது. 25 சென்டிமீட்டர் வாய் 23-க்குப் பக்கத்தில் வந்துவிடும். தகடுகள் ஒன்றையொன்று தொட்டபிறகு சுருக்கம் நின்றுவிடுகிறது. மிச்சத் தண்ணீர் துகள்களுக்கு நடுவேயுள்ள துளைகளில் கிடந்து, சட்டியின் அளவு மாறாமலே வெளியேறுகிறது.

ஆபத்து முதல் பகுதியில். வாய் விளிம்பு மெல்லிசு, காற்றும் நன்றாகப் படும், அது முதலில் சுருங்கப் பார்க்கிறது. அடி இன்னும் ஈரம். சுருங்குகிற வளையத்தை சுருங்காத வயிறு பிடித்து வைத்தால் வாயில் வெடிப்பு. அதனால் வாய்க்கு ஈரத்துணி சுற்றுகிறார்கள், சட்டிகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள், வெயில் கிட்டவே வராத கொட்டிலில் நாட்கணக்கில் வைக்கிறார்கள். எல்லை எங்கே என்று கண்ணே சொல்லும். படலத் தண்ணீர் போய்த் துளைகளுக்குள் காற்று புகத் தொடங்கும்போது களி வெளுக்கிறது. கருமண் நிறம் வெளிர்ச் சாம்பலாகும் அந்தக் கோடு சட்டியின்மேல் மெல்ல நகர்வதை நான் ஒரு பிற்பகல் முழுக்கப் பார்த்தேன். அது அடியைத் தொட்டபிறகு வெயிலில் தூக்கி வைத்தார்கள். இனி வெயில் ஒன்றும் செய்யாது.

வெயிலுக்கு முன் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து வடித்த குழம்பைத் துணியால் பூசி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்திருந்தார்கள். தேய்ப்பில் மேல்தகடுகள் படுத்துக்கொள்வதால்தான் பளபளப்பு.

சூளை செங்கல் சுவர் வைத்த ஒரு பெரிய தொட்டி மாதிரி இருந்தது. அடியில் தீ போடும் இரண்டு வாய், அதற்குமேல் ஓட்டை ஓட்டையான தளம். தளத்தின்மேல் சட்டிகளைக் கவிழ்த்து, பெரியதன்மேல் சின்னது, இடுக்கில் மூடிகளும் அகல்விளக்குகளும். மேலே கூரை இல்லை. உடைந்த சட்டித் துண்டுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் அடுக்கி மூடுகிறார்கள். விறகு பெரும்பாலும் றப்பர் மரம். இந்தப் பக்கம் தோட்டங்களில் வயதான மரம் வெட்டும்போது கிடைப்பது.

மாலையில் தீயை மூட்டினார்கள் என்று சொல்லமுடியாது, புகையை மூட்டினார்கள். சூளையின் வாய்க்கு வெளியே, உள்ளே தள்ளாமல், ஈரக்கட்டையும் தேங்காய் மட்டையும் கனன்றன. பல மணி நேரம் இதே கதைதான். காய்ந்ததாகத் தோன்றும் சட்டியிலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தண்ணீர் துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 1.7 லிட்டர் இடம் கேட்கும். தீயை ஏற்றிவிட்டால் அந்த ஆவி சுவரின் துளைவழியே நிதானமாக வெளியேற நேரம் கிடைக்காது. சட்டி வெடிக்கிற சத்தம் சூளைக்குள்ளிருந்து கேட்கும், அது தனியாகப் போகாது, பக்கத்துச் சட்டிகளையும் அடித்துவிட்டுத்தான் போகும். அய்யா மேலோட்டுத் துண்டொன்றை விலக்கி ஒரு இரும்புக் கம்பியை உள்ளே நுழைத்து உடனே எடுத்தார். கம்பியில் முத்து முத்தாக வியர்வை. "இன்னும் அழுகிறது, மல்லி" என்றார். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கம்பி காய்ந்து வந்தது.

பிறகு விறகை உள்ளே தள்ளத் தொடங்கினார்கள்.

முதலில் சட்டிகள் கருத்தன. புகைக்கரியும் களிக்குள் இருந்த மக்கின் கரியும். சூடு 600-ஐத் தாண்டிக் காற்றும் கிடைக்கும்போது அந்தக் கரி எரிந்து சட்டி மறுபடி வெளுக்கும். ஆனால் அதற்கு முன் நான் பார்க்கவந்த காட்சி இருந்தது. பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தேன், உள்ளே இருட்டு, கீழே விறகின் வெளிச்சம் மட்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி வைத்தபோது, விறகு வெளிச்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் கீழ்வரிசைச் சட்டிகளின் வயிறு தெரிந்தது. தானாகவே, மிக மங்கிய சிவப்பில். எந்தப் பொருளானாலும் சரி, 525 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இருட்டில் நம் கண்ணுக்கு ஒளிரத் தொடங்கும். இரும்புக்கும் அதுவே, மண்ணுக்கும் அதுவே.

கயோலினைட் தன் ஹைட்ராக்சிலை விடுவதும் 450-க்கும் 600-க்கும் நடுவில். சட்டி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற அந்த நேரத்தில்தான் மலையில் கல்லுக்குள் புகுந்த மழை வெளியேறிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த சட்டி 1,170 கிராம். அதில் பாதி களிக் கனிமம், மீதி மணலும் மற்றதும் என்று வைத்துக்கொண்டால், 585 கிராமில் 14 சதவீதம், சுமார் 80 கிராம் தண்ணீர். ஒரு சின்னப் பிளேன்ரீக் கிளாஸ். சூளைமேல் அதன் ஆவியைப் பார்க்க முடியாது. புகை ஏற்கனவே நின்று, மேலே காற்று மட்டும் கண்ணாடி போல நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பிளேன்ரீக் கிளாஸ் போனபின் சட்டி பழைய மண் இல்லை. 300 டிகிரியில் சுட்ட சட்டியைத் தண்ணீரில் போட்டால் சேறாகிவிடும், ஏனென்றால் தகடுகள் இன்னும் தகடுகள்தான். ஹைட்ராக்சில் போனதும் தகடுகளின் ஒழுங்கே குலைந்துவிடுகிறது, மறுபடி நனைத்தாலும் வழுக்காது. சரியாக வேகாத சட்டியை நகத்தால் கீறினால் தூள் வருவதும் தட்டினால் கட்டைச் சத்தம் வருவதும் இதனால்தான். சூடு இன்னும் ஏற ஏற, துகள்களின் ஓரங்கள் ஆங்காங்கே உருகி ஒட்டிக்கொள்கின்றன. இரும்பு காற்றோடு சேர்ந்து ஹேமடைட்டாகிச் செங்காவி தருகிறது. காற்று கிடைக்காத இடம் கருப்பாகவே நிற்கும். கந்தரோடையிலும் பொம்பரிப்பிலும் தோண்டியெடுத்த கருப்பு-சிவப்புப் பாண்டங்கள் இந்த வித்தையைத் தெரிந்தே செய்தவர்களின் வேலை.

சட்டிகள் செர்ரிச் சிவப்பைத் தாண்டி ஆரஞ்சுக்குப் போகப் பார்த்தபோது, என் கணிப்பில் 850 வாக்கில், அய்யா விறகை நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் கெட்டியாகாதா என்று கேட்டேன். "கெட்டியாகும். அப்புறம் அடுப்பில் உடையும்" என்றார்.

மாத்தளைக் கோப்பைக்குத் திரும்புகிற இடம் இதுதான். பீங்கானில் மழை படாத ஃபெல்ட்ஸ்பாரைப் பொடித்துக் களியோடு கலக்கிறார்கள். 1,100-க்கு மேல் அது உருகி, துளைகளையெல்லாம் அடைத்துக்கொண்டு கண்ணாடியாகிறது. 1,300 டிகிரி அளவில் எடுத்த கோப்பை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. அதை விறகடுப்பில் வைத்தால் ஒரு நிமிடம் தாங்காது. இடைவெளியே இல்லாத உடம்பில் வெடிப்பு தொடங்கினால் அதை நிறுத்த எதுவும் இல்லை, இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் போய்விடும். சட்டியின் உடம்பு நிறையத் துளை, மணல், கண்ணுக்குத் தெரியாத சின்ன வெடிப்புகள். புதிய வெடிப்பு இவற்றில் எங்காவது போய்த் தொலைந்துவிடும். கசிகிறதே என்று நாம் குறை சொல்கிற அதே துளைதான் அதைக் காப்பாற்றுகிறது. கசிவுக்கு வீட்டில் வைத்தியம் உண்டு. புதுச்சட்டியில் முதலில் கஞ்சி காய்ச்சுவது மாப்பசை துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளத்தான்.

சூளையை ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. இறங்கும்போதும் ஒரு கண்டம் இருக்கிறது: 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் திடீரென்று சற்றே சுருங்குகிறது. காற்று அடித்து ஒரு பக்கம் மட்டும் வேகமாக ஆறினால் அந்தச் சுருக்கம் சட்டியை நீளவாக்கில் பிளந்துவிடும். இப்படிப் பிளந்த வெடிப்பின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். காயும்போது விழுந்த வெடிப்பின் ஓரம் பிய்த்த ரொட்டி மாதிரி இருக்கும். உடைந்த துண்டைப் பார்த்து எந்த நாளில் தவறு நடந்தது என்று அய்யா சொல்லிவிடுகிறார். இன்னொன்றையும் காட்டினார். ஒரு துண்டின் முறிவில் இரண்டு பக்கமும் சிவப்பு, நடுவே பென்சில் கோடு போலச் சாம்பல் நிறம். சுவரின் நடுவில் கரி எரிந்து முடியுமுன் சூடு போதாமல் போய்விட்டது. தடித்த கழுத்தில் இது சகஜம், வயிற்றில் இருந்தால் அந்தச் சூளைக்கு விறகு போதவில்லை.

பிரித்தெடுக்கும் நாள் சத்தமான நாள். ஒவ்வொரு சட்டியையும் விரல்நுனியில் தூக்கி மடங்கிய விரலால் ஒரு தட்டு. கணீர் என்றால் வலப்பக்கம். வெடிப்புள்ள சட்டியில் அதிர்வு வெடிப்பின் இரண்டு உதடுகளும் உரசி அடங்கிப்போகும், மொத்தென்ற சத்தம் வரும், அது இடப்பக்கம். அன்றைக்கு இடப்பக்கக் குவியல் சின்னதாகவே இருந்தது. என் சட்டிக்குக் காசு வாங்க மறுத்தார், நான் சாக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் தராசில் வைத்தால் 1,085 கிராம்.

தராசில் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சூளையை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து சுட்ட மண் காற்றின் ஈரத்தை மறுபடி தன் உடம்போடு கட்டத் தொடங்குகிறது. துளையில் ஒட்டுகிற ஈரம் இல்லை, பழையபடி ஹைட்ராக்சிலாக. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் இதன் வேகத்தை அளந்து, எடை கூடுவது காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப என்று காட்டினார்கள். அதாவது முதல் நாளில் கூடியதைப்போல் இரண்டு மடங்கு கூட 16 நாள் ஆகும், நான்கு மடங்குக்கு 256 நாள், எட்டு மடங்குக்கு 11 வருடத்துக்கு மேல், பதினாறு மடங்குக்கு 179 வருடம். பழைய ஓடுகளின் வயதை இதை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள், எல்லா மண்ணுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஈரம் திரும்பப் புகுவது உண்மை.

என் சமையலறைத் தராசு இதைக் காட்டாது, அதற்கு அவ்வளவு நுட்பம் போதாது. சட்டியில் நேற்று அம்மாயி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இதுவரை 'டிக்' என்று எதுவும் கேட்கவில்லை.